ஓரம் விட்டு எழுதிய வாழ்த்து அட்டை

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள். என் கையெழுத்து மிகவும் நன்றாக இருக்கும். தலையெழுத்து அன்றைக்கு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கரும்புக் கொல்லை இருக்கிறது. அவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். நான் அங்கன்வாடியில் டீச்சர். சுவரில் தொங்கும் காய்கறிப் படம், பழப் படம், கை கழுவும் முறை எல்லாம் நானே வரைந்து எழுதுவதுதான். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிப் பட்டியலை அட்டையில் எழுதவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட என்னை வீட்டில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைக் கவரில் பேர் எழுதக்கூட என்னிடமே நீட்டுகிற மனிதர், தன் கையாலேயே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செய்யப் போவதாகச் சொன்னார். தியாகதுருகத்தில் வாக்கப்பட்டிருக்கும் தங்கச்சிக்கு. அதாவது என் நாத்தனாருக்கு.

காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் அவர் பேனாவைத் தொட மாட்டார்.

என் மாமனார் இறந்தபோது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தோம். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் பந்தல்காரன் வருவதற்கு முன்பே பேனர்காரன் வந்துவிடுவான். மேலே படம், நடுவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற வரி, கீழே மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பேர்கள். இவர் பேர்களைச் சரியாகத்தான் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் கடையில் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்ததும், "அப்பா மூஞ்சி இன்னும் பெருசா வரட்டும்பா" என்றிருக்கிறார். கடைக்காரர், "கீழ இடம் கம்மியாவும்ணா" என்றிருக்கிறார். "ஆவட்டும்" என்று இவர் சொல்லிவிட்டார். எது கம்மியாகும் என்று கேட்கவில்லை.

கம்மியானது கடைசி வரி. அதில்தான் மகள், மருமகன், அவர்களுடைய பிள்ளைகள் இருந்தார்கள். பேனர் கடையின் போன் நம்பர் மட்டும் முழுசாக இருந்தது. பேனரைக் கட்டின பிறகுதான் நாங்களே பார்த்தோம். அழுகைச் சத்தத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாத்தனார் பஸ்ஸை விட்டு இறங்கி மாரில் அடித்துக்கொண்டு அழுதபடி வந்தாள். பேனருக்கு முன்னால் வந்ததும் அழுகையை நிறுத்தினாள். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். பிறகு மறுபடியும் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். அப்பா செத்த அழுகையை விட நடுவில் அவள் அழாமல் நின்ற அந்த நேரம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவள் சண்டை போடவில்லை. அடக்கம் முடிந்து, ஜெபக் கூட்டம் முடிந்து, எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. போன் பண்ணினால் எடுப்பாள். "வேலை ஜாஸ்தி அண்ணி" என்பாள். இரண்டு கிறிஸ்துமஸ் போனது. இவர் வாட்ஸ்அப்பில் மெழுகுவத்தி, மணி, பனியில் ஓடும் மான் என்று அனுப்புவார். கள்ளக்குறிச்சியில் பனிமானை யார் பார்த்தது! அவள் பதிலுக்குக் கும்பிடு பொம்மை ஒன்று அனுப்புவாள். அதோடு சரி.

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் நான்தான் போன் பண்ணிக் கேட்டேன். "பேர வுட்டதுக்கா இவ்ளோ நாளு கோவம்?"

"பேர வுட்டுட்டாங்கன்னு நான் கோச்சிக்கல அண்ணி. கம்ப்யூட்டர்காரன் வுட்டுட்டான், இடம் பத்தலன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு பாருங்க, அதான். கட்டன பேனர்ல ஒரு பேனாவ எடுத்து ஓரத்துல எழுதறதுக்கு அவருக்குக் கை இல்லியா?"

இதை நான் அவரிடம் ஒரு எழுத்துகூடக் குறைக்காமல் சொன்னேன். அவர் அன்றைக்கு இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை. கை கழுவும்போது அந்தக் கையையே பார்த்தார். மறுநாள்தான் இந்த அட்டை விஷயத்தைச் சொன்னார்.

"நான் எழுதித் தரேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றேன்.

"வேணாம். எனக்குக் கை இருக்குதா இல்லியான்னு தான அவ கேட்டா?"

சரி, கை இருக்கிறது. அந்தக் கை எழுதினால் என்ன ஆகும் என்பது வேறு சங்கதி. கல்யாணத்துக்கு முன்னால் இவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தாராம். அப்போது வீட்டில் போன் கிடையாது, கடிதம்தான். கோழி கிளறினது போல இருக்கும் அந்தக் கடிதத்தைப் போஸ்ட்மேனாலும் படிக்க முடியாது, வாத்தியாராலும் முடியாது. தங்கச்சி ஒருத்திதான் படிப்பாள். அவள் படித்துச் சொல்லித்தான் பையன் நன்றாக இருக்கிறான் என்று வீட்டுக்கே தெரியும். இதை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

சின்னசேலம் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் சாமான் வாங்கி வந்தார். மெரூன் கலர் சார்ட் பேப்பர், கறுப்பு ஸ்கெட்ச் பேனா, ஜிகினா கோந்து, கல் ஒட்டின ஸ்டிக்கர் ஒரு பாக்கெட். மெரூன் மேல் கறுப்பில் எழுதினால் யாருக்குத் தெரியும்? அந்தகாரத்தில் ஆட்டுக்குட்டியைத் தேடுகிற மாதிரி ஆகிவிடும். நான் போய் வெள்ளையில் தடித்த அட்டைத்தாள் வாங்கி வந்தேன். மெரூனை விரல் அகலத்துக்கு நறுக்கி முன்பக்கம் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம் என்றேன். கல் ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று கேட்டார். பாக்கெட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

முதல் தாளை அவர் வாங்கின கையோடு மடித்து, கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். மடிப்பு வெடித்து நார் நாராக நின்றது. அதுவும் கோணல். தடித்த தாளை அப்படி மடிக்கக்கூடாது. முதலில் லேசாக இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாக வளைத்தால் முரண்டு பிடிக்கும், இன்னொரு பக்கமாக வளைத்தால் சொன்னபடி கேட்கும். கேட்கிற பக்கம்தான் மடிப்பு. அப்புறம் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த ரீஃபில் முனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொண்டால், தாள் தானாக அந்தக் கோட்டில் மடங்கும். இதையெல்லாம் செய்து காட்டினேன். "மனுசனுக்கும் இப்பிடி ஒரு கோடு போட்டா நல்லாருக்கும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது தாளில் எழுத ஆரம்பித்தார். இடது ஓரத்திலிருந்து, சுவரில் கட்சி விளம்பரம் எழுதுகிறவர் மாதிரி, 'கி' என்று போட்டார். கோழிமுட்டை அளவு. 'கிறிஸ்துமஸ்' என்ற ஒரு வார்த்தையே வரியைத் தின்றுவிட்டது. 'நல்வாழ்த்துகள்' அடுத்த வரியில் பாதிக்கு மேல் போனதும் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. 'ள்' நிற்க இடமில்லாமல் தாளை விட்டு வெளியே விழுந்தது. அவர் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இடம் பத்தல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தாளு பத்தாம இல்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முடிவ பாக்கணும். அங்க அப்பா மூஞ்சிய பெருசாக்கிட்டு தங்கச்சிய வுட்டீங்க, இங்க 'கி'ய பெருசாக்கிட்டு 'ள்'ள வுட்டீங்க. குடும்ப வியாதி!" என்றேன். அவர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டார். மூன்றாவது தாளை எடுத்தார்.

இந்தத் தடவை எழுத்துகளை எண்ணிப் பாதியைக் கண்டுபிடித்து நடுவிலிருந்து தொடங்கலாம் என்றார். நல்ல யோசனைதான், ஆனால் தமிழுக்கு எடுபடாது. 'ண'வுக்கும் 'ஸ'வுக்கும் ஒரு ஆள் படுக்கிற இடம் வேண்டும். 'ர' ஒண்டிக்கொண்டு நிற்கும். எண்ணிக்கை சரியாக வந்தாலும் வரி ஒரு பக்கம் சாயும். வரிகளை நெருக்கிக் கோடு போட்டாலும் ஆபத்து. மேல் வரி 'து', 'ழு' எல்லாம் வாலைத் தொங்கவிடும், கீழ் வரி 'கி', 'றி' தலையைத் தூக்கும், இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும். அப்படியே ஆனது. மை காய்வதற்குள் பென்சில் கோட்டை அழிக்கப் போய், ரப்பர் 'நல்வாழ்த்து' முழுவதையும் இழுத்துக்கொண்டு போனது. அவருடைய உள்ளங்கையிலும் கொஞ்சம் நல்வாழ்த்து ஒட்டியிருந்தது.

பிறகுதான் நான் சார்ட் எழுதும்போது செய்கிற வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் அட்டையைத் தொடவே கூடாது. பழைய தாளில், அட்டையில் எந்த அளவு எழுதப் போகிறோமோ அதே அளவில், அதே பேனாவால் ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும். வரி வரியாகப் பட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். அட்டையில் மெரூன் பட்டை ஒட்டுகிற இடம் போக, நான்கு பக்கமும் ஒரு விரல் ஓரம் விட்டுப் பென்சிலால் லேசாகக் கோடு. அதற்குள் பட்டைகளை வைத்து மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். கண்ணுக்குச் சரியென்று பட்டால், பட்டையின் இரண்டு முனையிலும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் ஆரம்பித்து இந்தப் புள்ளியில் முடித்தால் போதும்.

"ஓரத்துல மட்டும் எதுவும் வரக்கூடாது. ஓரம் சுத்தமா இருந்தாதான் மத்தது நீட்டா தெரியும்" என்றேன். "கரும்புக்குப் பாருக்குப் பாரு இடம் வுடறாப்ல" என்று தலையாட்டினார். ஆமாம், கரும்பு வரிசைக்கு நடுவே விடுகிற இடம் மாதிரியேதான். இத்தனை நேரம் அது ஏன் தோன்றவில்லை என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

அவர் முதலில் எழுதின பட்டை தங்கச்சி பேர். அதற்கு அடுத்தது அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள். அதற்கப்புறம்தான் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள். 'நம்ம வூட்டுக்கு வந்துடு' என்று ஒன்று. 'வீட்டுக்கு' என்று எழுதுங்கள் என்றேன். "வீட்டுக்குன்னா அவ வருவாளா? வூட்டுக்குன்னாதான் வருவா" என்றார். அதில் நான் தலையிடவில்லை. கடைசியாக எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரே பட்டையில் எழுதினார், அண்ணன், அண்ணி என்று போட்டு.

தங்கச்சி பேரை நட்டநடுவில் வைத்தார். வாழ்த்துதான் மேலே பெரிதாக வரும், பேர் அதற்குக் கீழே சின்னதாக வரும், அதுதான் வழக்கம் என்றேன். "மொதல்ல அவ. மீதி இருந்தா மத்ததுங்க" என்றார். மற்ற பட்டைகளை அவளைச் சுற்றி வைத்தார். வாழ்த்து கொஞ்சம் சின்னதானது. 'வூட்டுக்கு' கொஞ்சம் கீழே இறங்கியது. சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகவே இருந்தது. எங்கள் பேர்ப் பட்டை மட்டும் கையில் மிஞ்சியது. அதைக் கீழே வைத்தார். ஓரக் கோட்டைத் தாண்டியது. வாழ்த்துக்குப் பக்கத்தில் வைத்தார். இடித்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, நம்ம பேரு?"

"இடம் பத்தல."

"அந்த 'வூட்டுக்கு' வரிய ஒரு நூல் மேல தள்னா தாராளமா பத்துமே!"

"தள்னா அவ பேர இடிக்கும். இருக்கட்டும்."

"அனுப்பனவங்க பேரு இல்லாம ஒரு வாழ்த்தா? மொட்டைக் கடுதாசின்னு நெனைக்கப் போறா."

"எங் கையெழுத்து தெரியாதா அவளுக்கு?"

இந்த மனிதர் வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் ஸ்கேலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அது நகரக்கூடாது.

புள்ளிக்குப் புள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். எழுத்தென்னவோ அதே கோழிதான், ஆனால் கயிறு கட்டி வரிசையில் நிற்க வைத்த கோழி. மை நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழித்தோம். கோந்து ஜாஸ்தியானால் தாள் சுருங்கிக்கொள்ளும் என்று விரலில் தொட்டுத் தொட்டு மெரூன் பட்டையை ஒட்டி, மேலே டிக்ஷனரியை வைத்து அழுத்தினோம். அட்டையை விட ஒரு விரல் பெரிதாக நானே ஒரு கவர் மடித்தேன். தபாலாபீசில் போட்டுவிட்டு வந்து, மோட்டார் போடக் கொல்லைக்குப் போய்விட்டார்.

போன் வரவில்லை. கும்பிடு பொம்மையும் வரவில்லை. கவர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவும் இவர் என்னை விடவில்லை. "கெடச்சிருந்தா வருவா. கெடைக்கலன்னா எப்பிடி வருவா?" என்று ஒரு நியாயம் சொன்னார். இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு, கிடைத்தும் வராமல் இருப்பது. அதை இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அதிரசத்துக்கு மாவு போடும்போது மட்டும், "கொஞ்சம் சேத்தே போடு, அவளுக்குப் புடிக்கும்" என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவை அடுப்பில் ஏற்றியிருந்தார். நான் வாசலில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் பிள்ளைகள், அப்புறம் அவள் வீட்டுக்காரர், அப்புறம் ஒரு வயர் கூடையோடு அவள். எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். கூடைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தாள்.

"இத யாரு அண்ணி எழுதனது?"

"பாத்தா தெரியல?"

"தெரியிது. வேற எந்தக் கோழி இப்பிடிக் கிளறும்? பேரு எங்க?"

சத்தம் கேட்டு அவர் கையில் கரண்டியோடு வந்துவிட்டார். தங்கச்சியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். வா என்று சொல்ல வேண்டாமா மனிதர்?

"அண்ணா, உம்பேரு எங்க?"

"இடம் பத்தல."

பேனருக்கு முன்னால் நின்றாளே, அதே மாதிரி நின்றாள். அட்டையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள்.

"கீழ ஒரு விரக்கட சும்மாதான கெடக்குது?"

"அது ஓரம். ஓரத்துல எழுதக்கூடாதுன்னு உங்க அண்ணி சொல்லிச்சி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். இந்த நேரத்தில் என்னை மாட்டிவிடுகிறாரே என்று இருந்தது.

"அண்ணி, ஒரு பேனா குடுங்க."

உள்ளே போய் பேனா ஸ்டாண்டையே தூக்கி வந்தேன். ஸ்கேல், பென்சில், ரப்பர் எல்லாம் அதில் இருந்தன. அவள் ஒரு பால்பாயிண்ட் பேனாவை மட்டும் உருவிக்கொண்டு, தரையில் மண்டி போட்டு, நாற்காலியில் அட்டையை வைத்தாள். கோடு போடவில்லை. அளவு பார்க்கவில்லை. இடது மூலையில் அண்ணன் பேரின் முதல் எழுத்தைப் போட்டாள். கோழிமுட்டை அளவு.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்தானே! பேர் பாதி போவதற்குள் அட்டை தீர்ந்தது. மிச்ச எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு மூலையில் திரும்பி, வலது ஓரத்தில் மேல் நோக்கி ஏறின. கடைசி எழுத்து மெரூன் பட்டைக்கு மேல் போய் உட்கார்ந்தது, பேனா மை அதில் தெரியக்கூட இல்லை.

அவர் குனிந்து, அவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கடைசி எழுத்து வுழுந்துடுச்சே."

"இடம் பத்தலண்ணா" என்றாள்.

அவ்வளவுதான். அவர் அழுதார். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தபோதுகூட அழாத மனிதர், பிரியாணிக் கரண்டியைப் பிடித்தபடி தேம்பினார். அவளும் எழுந்திருக்காமல் அப்படியே அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் மறைத்தது. பின்பக்கம் அண்டா தீய்கிற வாசனை வந்தது. கரண்டி அவர் கையில் இருந்ததால் நான் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சாயந்திரம் அவள் கிளம்பும்போது, அதிரச டப்பாவுக்கு மேல் அட்டையை வைத்து எடுத்துக்கொண்டாள். ஓரம் முழுக்க நாசம். அத்தனை பாடுபட்டு விட்ட ஓரம். ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அது பால்பாயிண்ட் மை, ரப்பருக்குப் போகாது. போயிருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன்.